கன்னம் சிவந்து, பரு போல் புடைக்கும் ரோசேசியா: சூடு என்ன செய்கிறது, முகத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது

முப்பது, நாற்பது வயதில் கன்னத்திலும் மூக்கிலும் திடீரென்று பரு வருகிறது என்று சொல்பவர்களில் சிலருக்கு வந்திருப்பது பருவே இல்லை. அது ரோசேசியா எனும் நாள்பட்ட தோல் அழற்சியாக இருக்கலாம். தொற்றுநோய் இல்லை, முகத்தைச் சரியாகக் கழுவாததாலும் வருவதில்லை. ஆனால் பரு என்று நினைத்துக்கொண்டு அதற்கான சோப்பு, ஸ்கிரப், கிரீம் எல்லாம் போடப் போட அது மோசமாகிறது. அதனால் முதலில் இதை அடையாளம் காணத் தெரிய வேண்டும்.

ரோசேசியா முகத்தின் நடுப்பகுதியில் வரும். இரண்டு கன்ன மேடுகள், மூக்கு, நெற்றியின் நடு, தாடை ஆகியவைதான் அதன் இடம். பலருக்குத் தொடக்கம் ஒன்றுதான்: வெயிலில் நின்றாலோ, சூடாக எதையாவது குடித்தாலோ, கோபமோ கூச்சமோ வந்தாலோ முகம் குப்பென்று சூடாகும், சிவக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். நாளாக ஆக இந்தச் சிவப்பு முழுதாக அடங்காமல் கன்னத்திலேயே தங்க ஆரம்பிக்கும். அதன்மேல் கடுகளவில் சிவந்த புடைப்புகள் வரும், சிலவற்றில் சீழ் இருக்கும். மூக்கின் இரு ஓரங்களிலும் கன்னத்திலும் மெல்லிய சிவப்பு நூல் போல ரத்தக்குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். எல்லோருக்கும் எல்லாமும் வர வேண்டும் என்றில்லை. சிலருக்கு நிரந்தரச் சிவப்பும் ரத்தக்குழாய் தெரிவதும் மட்டும், சிலருக்குப் புடைப்புகளே பெரிதாக இருக்கும். ஆண்கள் சிலருக்கு மூக்கின் தோல் தடித்துப் பருத்துவிடும்.

பருவிலிருந்து பிரித்துப் பார்க்க நல்ல வழி பிளாக்ஹெட் இருக்கிறதா என்று தேடுவதுதான். சாதாரணப் பருவில் துளை அடைத்துக்கொண்டு கறுத்த முனையோ வெள்ளை முனையோ தெரியும். முதுகிலும் மார்பிலும்கூட வரும். ரோசேசியாவில் அந்த அடைப்பு இருக்காது. அதற்குப் பதில் எரிச்சலும் குத்தலும் தோல் சூடாக இருக்கும் உணர்வும் இருக்கும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

நம் தோல் நிறத்தில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. பாடப்புத்தகப் படங்களில் வெள்ளைத்தோலில் செக்கச்செவேல் என்று தெரிவது, மாநிறத்திலும் கறுப்பிலும் அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பாக, பழுப்பாக, சில நேரம் ஊதா கலந்த மங்கலாகத் தெரியும். ‘கன்னம் மட்டும் கறுத்துப்போச்சு’ என்று சொல்லி வருபவர்களிடம்கூட இது இருக்கலாம். மங்கு என்று நினைத்து வருடக்கணக்கில் வேறு வைத்தியம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல் உணர்வைக் கவனியுங்கள்: முகம் அடிக்கடி சூடாகிறதா, வழக்கமாகப் போடும் கிரீமே எரிகிறதா? பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் நின்று ஒரு படம் எடுத்து, கன்னத்தின் நிறத்தைக் கழுத்தின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருத்துவர் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்திப் பார்ப்பார். அழுத்தும்போது வெளிறிப்போகும் நிறம் ரத்தக்குழாயால் வந்தது, அப்படியே நிற்கும் நிறம் தோலின் கருமை.

கன்னத்தில் சிவப்பு என்றால் இன்னொரு நோயையும் விலக்கிவிட வேண்டும். லூபஸ் எனும் நோயிலும் வண்ணத்துப்பூச்சி வடிவில் கன்னம் சிவக்கும். அதில் பெரும்பாலும் மூக்கின் ஓரத்திலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்பு மட்டும் சிவக்காமல் தப்பிவிடும். மூட்டுவலி, முடி கொட்டுதல், காய்ச்சல், வாய்ப்புண் கூடவே இருக்கலாம். இப்படி ஏதாவது இருந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும், வீட்டில் யோசித்துக்கொண்டிருக்கும் விஷயமில்லை.

சூட்டை உணரும் நரம்பு

ரோசேசியா ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. பரம்பரை, தோலின் தடுப்புச்சுவர் பலவீனம், நோய் எதிர்ப்பு அமைப்பு தேவைக்கு மேல் கிளர்வது, எல்லோர் முகத்திலும் வாழும் டெமோடெக்ஸ் எனும் நுண்ணிய உண்ணி சிலரிடம் அளவுக்கு மிஞ்சிப் பெருகுவது என்று பல இழைகள் சேர்கின்றன. இவற்றில் அன்றாட வாழ்க்கைக்கு அதிகம் உதவுவது சூட்டை உணரும் ஏற்பியைப் பற்றித் தெரிந்துகொள்வது.

நம் நரம்பு முனைகளில் டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பி இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் பட்டால் அது திறந்துகொண்டு ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் பட்டாலும் இதே ஏற்பிதான் திறக்கும். மிளகாய் கடித்தால் வாய் ‘எரிகிறது’ என்று நாம் சொல்வது இதனால்தான். உடம்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே செய்தி. 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் இந்த ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள், அதற்காக அவருக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ரோசேசியா உள்ளவர்களின் தோலில் இந்த வகை ஏற்பிகள் அதிகமாகவும் எளிதில் தூண்டப்படுவதாகவும் இருக்கின்றன. ஏற்பி திறந்தவுடன் நரம்பு முனையிலிருந்து சில வேதிப்பொருள்கள் வெளியேறி, பக்கத்து ரத்தக்குழாய்களை விரியச் செய்கின்றன. முகம் சிவக்கிறது, சுடுகிறது. இது திரும்பத் திரும்ப நடந்தால் குழாய்கள் பழையபடி சுருங்காமல் விரிந்தே நின்றுவிடுகின்றன. கன்னத்தில் தெரியும் அந்த நூல்கள் இவைதான்.

இது தெரிந்தால் தூண்டல்களைப் பார்க்கும் பார்வையே மாறும். காபியை எடுத்துக்கொள்ளுங்கள். ரோசேசியா என்றதும் காபியை நிறுத்தச் சொல்வது வழக்கம். 1981இல் ஜொனாதன் வில்கின் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதைச் சோதித்தார். ரோசேசியா உள்ளவர்களுக்கு 60 டிகிரி சூட்டில் காபி கொடுத்தார், அதே சூட்டில் வெறும் வெந்நீர் கொடுத்தார், 22 டிகிரிக்கு ஆறிய காபி கொடுத்தார், காஃபீனைத் தனியாகவும் கொடுத்தார். சூடான காபிக்கும் வெந்நீருக்கும் முகம் ஒரே மாதிரி சிவந்தது. ஆறிய காபிக்கும் காஃபீனுக்கும் சிவக்கவில்லை. அதாவது குற்றவாளி காபி இல்லை, அதன் சூடு. அமெரிக்கச் செவிலியர்களை நீண்டகாலம் பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்விலும், காபி அதிகம் குடித்தவர்களுக்கு ரோசேசியா குறைவாகவே காணப்பட்டது. காலை ஃபில்டர் காபியை ரோசேசியாவுக்காக யாரும் கைவிடத் தேவையில்லை. டபராவில் நாலு முறை ஆற்றி, விரலால் தொட்டால் இதமாக இருக்கும் பதத்தில் குடித்தால் போதும்.

அமெரிக்காவின் தேசிய ரோசேசியா சங்கம் 1,066 நோயாளிகளிடம் எது தூண்டுகிறது என்று கேட்டபோது, வெயில் என்றவர்கள் 81 சதவீதம், மன உளைச்சல் 79, வெப்பமான வானிலை 75, காரமான உணவு 45. வெயிலும் வெப்பமும் சேர்ந்து எவ்வளவு முன்னால் நிற்கின்றன, காரம் எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரம் பிரச்சினையே இல்லை. மதுவும் பலருக்குத் தூண்டல்தான். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளும் நியாசின் மாத்திரையும் முகத்தைச் சிவக்க வைக்கும். சந்தேகம் இருந்தால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒருவரின் இரண்டு வாரக் குறிப்பு

ஆளுக்கு ஆள் தூண்டல் மாறும் என்பதால் பொதுப் பட்டியல் பெரிதாக உதவாது. நம்முடையதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கற்பனை நபரை வைத்து இதைப் பார்க்கலாம். மதுரையில் வீட்டிலேயே மெஸ் நடத்தும் 43 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடமாகக் கன்னம் சிவந்து, புடைப்புகளோடு இருக்கிறது. அக்கம்பக்கத்தினர் சொன்னார்கள் என்று கத்திரிக்காய், கருவாடு, மீன் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ஒன்றும் குறையவில்லை.

அவர் ஒரு நோட்டில் நான்கு விஷயங்களை மட்டும் எழுதத் தொடங்குகிறார்: முகம் எத்தனை மணிக்குச் சூடானது, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்தார், என்ன சாப்பிட்டார், எப்போது அடங்கியது. செவ்வாய்க்கிழமைக் குறிப்பு இப்படி இருக்கிறது: ‘காலை 6.30, இரண்டாவது ஈடு இட்லி எடுக்கும்போது முகம் சுட்டது. 8 மணிக்குக் குறைந்தது. 12 மணி, வத்தல் குழம்பு தாளிக்கும்போது மறுபடி. மதியம் 1.30, சாப்பாடு கொடுக்க ஹெல்மெட் போட்டு வண்டியில் போனேன், வீட்டுக்கு வந்ததும் கன்னம் எரிந்தது, 4 மணி வரை. இரவு ரசம் சூடாக, லேசான சிவப்பு.’ ஞாயிற்றுக்கிழமை மெஸ் லீவு. அன்று, சோதித்துப் பார்க்கலாம் என்று, மகள் சமைத்த மீன் குழம்பை ஆறிய பிறகு சாப்பிட்டார். அன்று முழுக்க முகம் அமைதியாக இருந்தது.

இரண்டு வாரத்தில் விஷயம் தெளிவாகிவிடுகிறது. மீனுக்கும் கத்திரிக்காய்க்கும் இதில் பங்கில்லை, காரத்துக்கும் பெரிய பங்கில்லை. ஆவி, அடுப்பு, வெயில், சூடான ரசம், நான்கும் வெப்பம். அதே குழம்பைச் சூடாக ஒரு நாளும் ஆறவைத்து ஒரு நாளும் சாப்பிட்டுப் பார்த்தால் காரமா சூடா என்பதும் பிரிந்துவிடும்.

சமையலை விட முடியாது, அதுதான் பிழைப்பு. ஆனால் இட்லிப் பானையை அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் கழித்து, மூடியைத் தன் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறக்கலாம். எக்ஸாஸ்ட் ஃபேனைச் சமையல் தொடங்கும் முன்பே போடலாம். நெருப்பு ஆடாதபடி பக்கவாட்டில் ஒரு டேபிள் ஃபேன் முகத்துக்கு வீசலாம். முகம் சுட ஆரம்பித்ததும் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியைக் கன்னத்தில் ஒத்தி, வாயில் சின்ன ஐஸ் துண்டைப் போட்டுக்கொள்ளலாம். ஐஸைத் தோலில் நேரடியாகத் தேய்க்க வேண்டாம், அதுவே எரிச்சலைக் கிளப்பும். டெலிவரியை வெயில் ஏறும் முன்பு வைத்துக்கொள்ள முடிந்தால் அதுவே பெரிய லாபம்.

முகத்துக்கு என்ன போடலாம்

ரோசேசியா தோலின் தடுப்புச்சுவர் ஏற்கெனவே ஓட்டையாக இருக்கிறது. ஈரம் வெளியே போகிறது, எரிச்சலூட்டும் பொருள் உள்ளே வருகிறது. எனவே பராமரிப்பு என்றால் இங்கே மிகக் குறைவாகப் போடுவது. முகம் கழுவ ஒன்று, ஈரம் காக்க ஒன்று, வெயிலுக்கு ஒன்று, மூன்று போதும்.

முகத்தை நாளுக்கு இரண்டு முறை, சூடுமில்லாமல் ஜில்லென்றும் இல்லாத நீரில் கழுவுங்கள். சாதாரணச் சோப்பின் காரத்தன்மை அதிகம், அதன் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். தோலுக்கு இதமானது 5.5 சுற்றி. அதனால் ‘சோப்பு கலக்காதது’, ‘வாசனை சேர்க்காதது’ என்று போட்டிருக்கும் மென்மையான கிளென்சரை எடுங்கள். விரல் நுனியால் மட்டும் தடவிக் கழுவுங்கள், நார், ஸ்பாஞ்சு எதுவும் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒத்தி எடுத்து, சில நிமிடம் முகம் தானாக உலரட்டும். ஈரமுகத்தில் கிரீம் போட்டால் எரிகிறது என்று சொல்பவர்கள் பலருக்கு இந்தச் சின்னக் காத்திருப்பே நிவாரணம் தருகிறது.

மருத்துவர் கொடுத்த மருந்து இருந்தால் அது முதலில், அப்புறம் மாய்ஸ்சரைசர். தோல் மிகவும் எரியும் ஆரம்ப வாரங்களில் மாய்ஸ்சரைசரை முதலில் போட்டு அதன்மேல் மருந்து போடச் சொல்வதும் உண்டு. கிளிசரின், செராமைடு இருக்கும் எளிய மாய்ஸ்சரைசர் போதும், விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை.

மூன்றாவது சன்ஸ்கிரீன். துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ கொண்ட வகை இந்தத் தோலுக்கு அதிகம் ஒத்துப்போகும். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். இந்த வகை நம் நிறத்தில் சாம்பல் பூசியது போலத் தெரியும் என்பது உண்மையான குறை. அதற்கு இரும்பு ஆக்சைடு சேர்த்து நிறமேற்றிய வகை கிடைக்கிறது. வெள்ளையும் தெரியாது, கன்னத்தின் சிவப்பையும் ஓரளவு மறைக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிய அளவு வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். குடையும் தொப்பியும் கூடச் சேர்ந்தால் இன்னும் நல்லது, அவை எரியவும் செய்யாது.

எந்தப் புதிய பொருளையும் நேராக முகத்தில் போடாதீர்கள். கழுத்தின் பக்கவாட்டில், காதுக்குக் கீழே சிறிய இடத்தில் சில நாட்கள் தொடர்ந்து தடவிப் பாருங்கள். அமைதியாக இருந்தால் முகத்துக்கு. ஒரே நேரத்தில் இரண்டு புதியவை வேண்டாம், எரிந்தால் எது என்று தெரியாது.

விலக்க வேண்டியவையும் உண்டு. மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ், புதினா எண்ணெய், ஆல்கஹால் கலந்த டோனர், கிளைகாலிக் அமிலம், துகள் உள்ள ஸ்கிரப். குளிர்ச்சி தருகிறது என்று மென்தால் பொருளைப் போடுபவர்கள் உண்டு. அந்தக் குளிர்ச்சியும் நரம்பு முனையைத் தூண்டுவதால் வரும் உணர்வுதான். வீட்டு வைத்தியத்தில் எலுமிச்சைச் சாறு, கடலைமாவுத் தேய்ப்பு, பற்பசை மூன்றையும் தவிருங்கள். பார்லர் போகிறவர்கள் ஆவி பிடித்தல், பிளீச், மசாஜ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு பத்து நிமிட ஆவி, இரண்டு வார அமைதியைக் கெடுத்துவிடும்.

மருந்துக்கடைக் கிரீம்

இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் பருவுக்கும் மங்குக்கும் வெள்ளையாவதற்கும் என்று கைக்குக் கை மாறுகின்றன. ரோசேசியா முகத்தில் போட்டால் முதல் வாரம் அற்புதமாக இருக்கும். ஸ்டீராய்டு ரத்தக்குழாயைச் சுருக்கும், அழற்சியை அமுக்கும். நிறுத்தியதும் சிவப்பும் புடைப்பும் முன்பைவிட மோசமாகத் திரும்பும். மறுபடி போட்டால் அடங்கும். இப்படியே மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் மேலும் வெளியே தெரியும், முகத்தில் முடி வளரும். முன்பு ரோசேசியா இல்லாதவர்களுக்கே இதனால் அதே தோற்றம் வந்துவிடுகிறது. 2018இல் இந்திய அரசு இத்தகைய கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்ததற்கு இதுவே காரணம்.

டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘-சோன்’, ‘-சால்’, ‘-னைடு’ என்று முடியும் பெயர் இருந்தால் ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு மருந்தாளுநரிடம் கேளுங்கள். நீண்ட நாள் போட்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். விடும்போது சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் முகம் எரியும், வீங்கும். அது மருந்து விடுபடுவதால் வருவது என்று தெரிந்தவர் கூட இருந்தால்தான் அந்த நாட்களில் மறுபடி அதே டியூபைத் தேடிப் போகாமல் இருக்க முடியும்.

மருத்துவர் என்ன கொடுப்பார்? புடைப்புகளுக்கு மெட்ரோனிடசால், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் என்று தடவும் மருந்துகள் இருக்கின்றன. அசெலாயிக் அமிலம் ஆரம்பத்தில் கொஞ்சம் குத்தும், ஆனால் நம் நிறத்தில் புடைப்பு ஆறிய இடத்தில் நிற்கும் கருமையையும் குறைப்பதால் இரட்டை உதவி. புடைப்பு அதிகம் என்றால் குறைந்த அளவு டாக்சிசைக்ளின் மாத்திரையும் சேரும். கர்ப்பம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்போது அதைக் கொடுக்க மாட்டார்கள். இவை எதுவும் ஒரு வாரத்தில் பலன் காட்டாது, 8 முதல் 12 வாரம் ஆகும். அதற்கு முன்பே பலனில்லை என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். சிவப்பைச் சில மணி நேரம் சுருக்கிவைக்கும் பிரிமோனிடின் ஜெல் என்று ஒன்றும் இருக்கிறது. சிலருக்கு அதன் வேகம் தீர்ந்ததும் முன்பைவிட அதிகம் சிவக்கும், அதனால் திருமண நாளன்று முதல்முறையாகப் போட்டுப் பார்க்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியும் ரத்தக்குழாயை எந்தக் கிரீமும் அகற்றாது. அதற்கு லேசர்தான். சில அமர்வுகள் ஆகும், செலவும் உண்டு, வருடங்கள் கழித்துப் புதிய குழாய்கள் வரலாம். கறுத்த தோலில் லேசர் ஒளியைத் தோலின் நிறமியும் உறிஞ்சிக்கொள்வதால் சூடுபட்டுக் கருமையோ வெளிறிய தடமோ விழும் அபாயம் இருக்கிறது. நீண்ட அலைநீள வகையான 1064 நானோமீட்டர் லேசர் நம் நிறத்துக்கு மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. காதோரம் ஒரு சிறிய இடத்தில் முதலில் அடித்து, சில வாரம் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாமா என்று கேளுங்கள். ‘தேவையில்லை, இன்றே செய்துவிடலாம்’ என்று சொல்லும் இடத்தில் நான் செய்துகொள்ள மாட்டேன்.

கடைசியாகக் கண். ரோசேசியா உள்ள பலருக்குக் கண்ணும் பாதிக்கப்படும், சிலருக்குத் தோலுக்கு முன்பே. மண் விழுந்தது போல உறுத்தல், வறட்சி, இமையோரம் சிவந்து செதிலாவது, அடிக்கடி கண்கட்டி வருவது இவையெல்லாம் அதன் அறிகுறிகள். இமையை மூடி வெதுவெதுப்பான துணியை ஐந்து நிமிடம் ஒற்றி, இமையோரத்தை மெல்லத் துடைத்தால் லேசானவை குறையும். துணி இமையின் மேல் மட்டும் இருக்கட்டும், கன்னத்தில் படர வேண்டாம். வெளிச்சம் பார்த்தால் கண் கூசினாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போங்கள், கருவிழி பாதிக்கப்பட்டிருக்கலாம். போகும்போது முகத்தில் ரோசேசியா இருப்பதையும் சொல்லுங்கள், கேட்காமல் விட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.